கூட்டம் எத்தனை மணிக்கு?

சென்ற 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் நம் சங்கச் செயலாளர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். சித்திரை விழா ஏற்பாடுகள் பற்றிப் பேச மார்ச்சில் ஒரு ஞாயிறு மாலை 6 மணிக்குச் செயற்குழுவைக் கூட்டலாம் என்று நினைத்திருந்தாராம். மார்ச் 2-ஆம் தேதி ரமலான் நோன்பு தொடங்குகிறது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்ததாம். நம் செயற்குழுவில் ராமநாதபுரம் பக்கத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். "சார், அவரிடமே கேட்டுவிட்டு நேரம் போட்டுவிடட்டுமா?" என்றார் செயலாளர்.

"அவரிடம் கேட்காதீர்கள். நேரத்தை மட்டும் மாற்றுங்கள்" என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். ஒருவரின் வசதியைக் கேட்டு நடப்பதுதானே மரியாதை என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு 2018-ஆம் ஆண்டு மே மாதம், ரயில்வேயில் என் கடைசி வருட சர்வீஸின்போது, ஒரு வியாழக்கிழமை மாலை மாறியது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். விதர்ப்பா வெயில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; அதை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போது நான் இருப்புப்பாதைப் பிரிவில் உதவிப் பொறியாளர். வாரந்தோறும் வியாழன் மாலை 5.30 மணிக்கு 'பிளாக்' கூட்டம் நடக்கும். ரயில்களை நிறுத்திவைத்து, பாதையைச் சில மணி நேரம் எங்கள் கையில் ஒப்படைப்பதற்குத்தான் பிளாக் என்று பெயர். பாதைக்காரர்கள், சிக்னல்காரர்கள், மேலே போகும் மின்கம்பிகளைப் பராமரிப்பவர்கள், ரயில்களை ஓட்டும் ஆபரேட்டிங் பிரிவினர் என்று 14 பேர் உட்கார்ந்து, அடுத்த வாரம் எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை மணி நேரம் பிளாக் என்று முடிவு செய்வோம். ஏழு மணிக்கு முன் அந்தக் கூட்டம் முடிந்ததே இல்லை.

அந்த ஆண்டு நோன்பு மே 17-இல் தொடங்கியது. அன்றும் வியாழன்தான். நம் பக்கத்தில் அந்த நாட்களில் சூரியன் மறைவது சுமார் 6.45-க்கு. விடியற்காலை நாலேகால் மணி வாக்கில் சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தியவர்கள், பதினான்கரை மணி நேரம் கழித்து அப்போதுதான் நோன்பு திறப்பார்கள். வெளியே 44, 45 டிகிரி வெயில்.

சிக்னல் பிரிவில் ஒரு சீனியர் செக்ஷன் இன்ஜினியர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், வேலையில் கெட்டிக்காரர். அவர் நோன்பு இருப்பது எல்லாருக்கும் தெரியும். மணி 6.25 ஆனது. அவர் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நான் பெரிய மனது பண்ணுவதாக நினைத்துக்கொண்டு, எல்லார் முன்னிலையிலும், "நோன்பு இருப்பவர்கள் எல்லாம் கிளம்பலாம். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று இந்தியில் சொன்னேன்.

அந்த ஒரு வாக்கியத்தால் மூன்று காரியங்கள் நடந்தன. மூன்றும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன.

முதலாவது, சிக்னல்காரர் எழுந்து போனார். அவர் போன பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை வேலை பேச்சுக்கு வந்தது. ஒரு ஸ்டேஷன் யார்டில், ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திரும்பும் 'பாயின்ட்' ஒன்றை மாற்ற வேண்டும். 3 மணி நேர பிளாக். பழையதைப் பிரித்துப் புதியதைப் பொருத்த எனக்கு இரண்டே முக்கால் மணி நேரம் என்று எழுதிக்கொண்டேன். கடைசியில் சிக்னல் வேலைக்கு 15 நிமிடம் விட்டேன். அது போதாது என்று சொல்ல வேண்டியவர் அறையில் இல்லை.

இரண்டாவது, மின்கம்பிப் பிரிவிலிருந்து வந்திருந்த ஒரு இளைஞர் எழுந்திருக்கவே இல்லை. அவரும் நோன்புதான். யாரிடமும் சொல்லிக்கொள்ளும் பழக்கம் அவருக்கில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். பெரியவர்கள் பேசும்போது நடுவில் எழுந்து போனால் என்ன நினைப்பார்களோ என்று உட்கார்ந்துவிட்டார். 7.15-க்குக் கூட்டம் முடிந்த பிறகு, வராந்தாவில் நின்று பாட்டில் தண்ணீரில் நோன்பு திறந்தார் என்று ப்யூன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வருத்தியது. எங்கள் ஸ்டோர்ஸ் பிரிவில் ஒரு பெரியவர். அவரும் முஸ்லிம், ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி. நோயாளிகளுக்கும் பயணத்தில் இருப்பவர்களுக்கும் அவர்கள் மார்க்கத்திலேயே விலக்கு உண்டு. அதனால் அவர் நோன்பு வைப்பதில்லை. நான் அப்படிச் சொன்னதும் சுற்றியிருந்த நாலைந்து பேர் அவர் முகத்தைப் பார்த்தார்களாம். "நீங்கள் போகவில்லையா?" என்று ஒருவர் கேட்டும்விட்டார். எல்லார் எதிரிலும் தன் வியாதியை விளக்க விரும்பாமல் அவரும் எழுந்து போய், கீழே சைக்கிள் ஸ்டாண்டில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனாராம்.

ஞாயிறன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாயின்டைப் பொருத்தியவுடன் ரயிலை விட்டுவிட முடியாது. சிக்னல்காரர்கள் மோட்டாரை இணைக்க வேண்டும். நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு சரியாக ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் தகட்டை வைத்து, அப்போது பாயின்ட் பூட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுதிக் கொடுப்பார்கள். இதற்கெல்லாம் 50 நிமிடம் ஆயிற்று. நான் விட்டிருந்ததோ 15 நிமிடம். எங்கள் பாஷையில் சொன்னால், பிளாக் 35 நிமிடம் 'பர்ஸ்ட்' ஆனது. இரண்டு எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஸ்டேஷனுக்கு வெளியே வெயிலில் நின்றன. விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. அதற்கு நான்தான் பதில் எழுதினேன், தவறும் என்னுடையதுதான் என்பதால்.

திங்களன்று சிக்னல்காரரைக் கூப்பிட்டுப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "சாப், என்னைப் போகச் சொன்னீர்கள். அது உங்கள் நல்ல மனது. ஆனால் என் வேலையும் என்னோடு எழுந்து போய்விட்டதே. கூட்டத்தை நகர்த்தியிருந்தால் நான் போகவே வேண்டியிருந்திருக்காதே" என்றார். அவர்தான் அந்த மின்கம்பிப் பிரிவு இளைஞரைப் பற்றியும் ஜாடையாகச் சொன்னார். ஸ்டோர்ஸ் பெரியவர் தாமாகவே இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து சொன்னார்.

எனக்கு அப்போது விளங்கியது இதுதான். ஒருவருக்கு அனுமதி கொடுப்பது வேறு, கூட்டத்தின் நேரத்தை மாற்றுவது வேறு. தெலங்கானா போன்ற மாநிலங்களில் ரமலான் மாதத்தில் முஸ்லிம் ஊழியர்கள் மாலை 4 மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்று அரசாணை போடுவதுண்டு. அது உபயோகமான ஏற்பாடுதான். ஆனால் முக்கியமான கூட்டத்தை அதே அலுவலகத்தில் 4.30-க்கு வைத்தால், அந்த ஊழியர் ஒன்று அனுமதியை விட வேண்டும், அல்லது தம் பேச்சை விட வேண்டும். அனுமதியை உபயோகிப்பவர் யார், உபயோகிக்காதவர் யார் என்ற கணக்கும் தானாகவே வந்துவிடும். கூட்டத்தின் நேரமே சரியாக இருந்துவிட்டால் இந்தக் கணக்குக்கே இடமில்லை.

"நீங்கள் நோன்பா?" என்ற கேள்வியும் நாம் நினைப்பதுபோல் சாதாரணக் கேள்வி அல்ல. இருக்கிறேன் என்பவருக்கு அது சுலபம். இல்லை என்பவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்போல ஆகிவிடுகிறார். அது வியாதியாக இருக்கலாம். அவருடைய நம்பிக்கையைப் பொறுத்ததாக இருக்கலாம். பெண்களுக்கு மாதத்தில் சில நாட்கள் நோன்பு கிடையாது. அலுவலகத்தில் ஒரு பெண்மணியிடம் "இன்று நோன்பு இல்லையா?" என்று கேட்டால் என்ன கேட்டதாகும் என்பதை யோசித்துப் பாருங்கள். அதனால் இந்த விஷயத்தில் கேட்காமலே செய்வதுதான் மரியாதை.

சரி, எப்படிச் செய்வது? அந்த வாரமே நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு, ரயில்வே டைம்டேபிள் போடுவதுபோல ஒரு நாளை 24 மணி நேரமாகக் கோடு போட்டுப் பார்த்தேன்.

காலை 7, 8 மணி குளிர்ந்த நேரம், நல்லதுதானே என்று முதலில் தோன்றியது. ஆனால் நோன்பாளி மூன்று, மூன்றரைக்கே எழுந்து சாப்பிட்டு, விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு மறுபடி ஒன்றிரண்டு மணி நேரம் கண்ணயர்வார். இரவிலும் 'தராவீஹ்' என்ற சிறப்புத் தொழுகை இருப்பதால் படுக்கப் பத்தரை, பதினொன்று ஆகிவிடும். அதிகாலைக் கூட்டம் அந்தக் கொஞ்சத் தூக்கத்தையும் பிடுங்கிவிடும். எனவே அது இல்லை.

9.30 முதல் 10.30 வரை ஆபரேட்டிங் பிரிவினருக்கு மேலதிகாரிகளோடு தினசரி காலைப் பேச்சு உண்டு. அவர்கள் இல்லாமல் பிளாக் கூட்டம் நடத்துவது மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்.

பிற்பகல் 2.30-க்கு மேல் நோன்பாளிக்குத் தலைவலி வரும் நேரம், அதிலும் டீ பழக்கம் உள்ளவர்களுக்கு. அது மட்டுமல்ல, மே மாதப் பிற்பகலில் எங்கள் தண்டவாளத்தின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். தண்டவாளம் நெளிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள என் ஆட்கள் பாதையில் நடந்துகொண்டிருக்க வேண்டிய நேரம் அது.

மாலை 5 மணிக்கு மேல் சொல்லவே வேண்டாம். 6.45-க்கு நோன்பு திறக்க வேண்டுமென்றால் 6 மணிக்காவது அலுவலகத்தை விட்டுக் கிளம்பினால்தான் வீட்டிலோ பள்ளிவாசலிலோ போய்ச் சேர முடியும். இரவு 7.30-க்கு வைத்தால் மற்றவர்கள் குடும்பத்தோடு இருக்கும் நேரமும் கெட்டு, இவர்களின் இரவுத் தொழுகையும் கெடும்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்ஆ தொழுகை இருப்பதால் 12.30 முதல் 2.30 வரை எந்த மாதத்திலுமே கூட்டம் வைக்காமலிருப்பது நல்லது.

இத்தனையும் கழித்த பிறகு எஞ்சியது காலை 11 முதல் 12.15 வரை. எல்லாரும் தெளிவாக இருக்கும் நேரம். மதிய உணவுக்கும் லுஹர் தொழுகைக்கும் முன்னால் முடிந்துவிடும். வியாழன் காலை 11 மணி என்று முடிவு செய்தேன்.

நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வியாழன் கூட்டம் மாலை 5.30-க்கு இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. வெவ்வேறு ஸ்டேஷன்களிலிருந்து 'எங்களுக்கு இத்தனை மணி நேரம் வேண்டும்' என்ற விவரங்கள் வந்து சேர வியாழன் மாலை 5 மணி ஆகும். கூட்டத்தை மட்டும் காலைக்கு மாற்றினால், கையில் காகிதம் இல்லாமல் 14 பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இரண்டே வாரத்தில் 'பழைய நேரமே தேவலை' என்று ஆகியிருக்கும். ஆகவே விவரம் அனுப்பும் கெடுவைப் புதன் மாலை 5 மணி என்று மாற்றினேன். நல்லெண்ணத்தோடு செய்கிற மாற்றங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடம் புரள்கின்றன. ஒரு கூட்டத்தை நகர்த்துவதற்கு முன்னால், அந்தக் கூட்டத்துக்குத் தீனி போடும் காகிதங்கள் எப்போது வருகின்றன என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது சுற்றறிக்கை. 'புனித ரமலான் மாதத்தை முன்னிட்டு, முஸ்லிம் ஊழியர்களின் வசதிக்காக...' என்று ஆரம்பித்து ஒரு டிராஃப்ட் எழுதி, எங்கள் ஹெட் கிளார்க்கிடம் கொடுத்தேன். அவர் மராட்டிக்காரர், முப்பது வருடம் காகிதத்தோடு வாழ்ந்தவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சாப், இவர்கள் ஏதாவது கேட்டார்களா?" என்றார். "இல்லை" என்றேன். "அப்படியானால் கேட்காதவர்கள் பெயரில் ஏன் எழுதுகிறீர்கள்? நாளைக்கு ஒரு பிளாக் தாமதமானால், 'இவர்களுக்காக நேரத்தை மாற்றியதால்தான்' என்று நாலு பேர் சொல்வார்கள். நேரத்தை மட்டும் எழுதுங்கள்" என்றார். அந்த முதல் வரியை அவரே பென்சிலால் அடித்தார்.

கடைசியில் போன சுற்றறிக்கை இவ்வளவுதான்:

'மே 28 முதல் ஜூன் 30 முடிய, வாராந்திர பிளாக் கூட்டம் வியாழக்கிழமைகளில் காலை 11 மணிக்குத் தொடங்கி 12.15-க்கு முடியும். விவரங்கள் புதன் மாலை 5 மணிக்குள் வந்து சேர வேண்டும். கோடைக்காலப் பாதைக் கண்காணிப்பில் இருப்பவர்கள் பிற்பகலில் தத்தம் செக்ஷனில் இருக்க இது வசதியாகும். இந்த நேரம் ஒத்துவராதவர்கள் என்னிடம் நேரில் சொல்லலாம். காரணம் கூற வேண்டியதில்லை.'

இதில் இரண்டு விஷயங்களை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, தேதிகள். அந்த ஆண்டு பெருநாள் ஜூன் 16. நான் வேண்டுமென்றே மாதக் கடைசி வரை போட்டேன். பெருநாள் பிறையைப் பொறுத்தது. ஒரு நாள் முன்பின் ஆகலாம். அது போக, சுற்றறிக்கை சரியாகப் பெருநாளன்று முடிந்தால், காரணத்தை எழுதாமல் விட்டும் எழுதியதுபோலத்தான் ஆகும். உண்மையில் நோன்பு தொடங்கும் முன்பே, மே 1 முதல் என்று போட்டிருக்க வேண்டும். எனக்குப் புத்தி வந்தது பாதியில்தான்.

இரண்டாவது, நான் எழுதிய காரணம். இது பொய்யா என்று என் மனைவியே கேட்டாள். பொய்யில்லை. கோடைக் கண்காணிப்பு என்ற காரணம் முழுக்க உண்மை. அந்த வசதி எல்லாருக்கும் கிடைத்தது. எந்த ஆண்டிலாவது அப்படி ஒரு பொதுக் காரணம் இல்லையென்றால், காரணமே எழுதாமல் நேரத்தை மட்டும் எழுதலாம். காரணம் சொல்லி ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. யாராவது நேரில் வந்து கேட்டால் மறைக்கவும் கூடாது. என்னிடம் ஒரு ஆபரேட்டிங் இன்ஸ்பெக்டர் கேட்டார். "நோன்பு மாதமும் ஒரு காரணம்தான்" என்றேன். "நல்லது, எனக்கும் சாயங்காலம் ஏழு மணி வண்டியைப் பிடிக்க முடிகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீ விஷயம் சின்னதுதான், ஆனால் அதிலும் தவறு நடக்கலாம். கூட்டத்தில் டீயையே நிறுத்திவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நிறுத்தினால், 'இவர்களால் நமக்கு டீ போச்சு' என்று ஆகும். ப்யூன் தட்டோடு ஒவ்வொருவர் முன்னாலும் நின்றால், ஒவ்வொரு தடவையும் ஒருவர் வேண்டாம் என்று தலையசைக்க வேண்டும். எனவே பிளாஸ்கையும் டம்ளர்களையும் அடுத்த அறையில் வைக்கச் சொன்னேன். வேண்டியவர்கள் கூட்டத்துக்கு முன்னாலோ பின்னாலோ போய்க் குடித்தார்கள். யார் குடித்தார், யார் குடிக்கவில்லை என்று பார்க்க ஆளில்லை.

மே 31-ஆம் தேதி முதல் காலைக் கூட்டம். இன்னொரு பாயின்ட் மாற்றும் வேலை பேச்சுக்கு வந்தது. நான் எனக்கு இரண்டரை மணி நேரம் என்றேன். சிக்னல்காரர் மேஜை மேலிருந்த என் காகிதத்தைத் தம் பக்கம் திருப்பி, "சாப், எனக்குக் கடைசியில் 50 நிமிடம். உங்கள் ஆட்கள் ஸ்லீப்பர்களை முதல் நாளே பக்கத்தில் கொண்டுவந்து அடுக்கட்டும்" என்றார். பத்து நிமிடம் வாக்குவாதம் செய்தோம். அவர்தான் ஜெயித்தார். அந்த பிளாக் 5 நிமிடம் மிச்சம் வைத்து முடிந்தது. மின்கம்பி இளைஞரும் அன்றுதான் முதல் தடவையாக வாயைத் திறந்து, கம்பியில் மின்சாரத்தை நிறுத்தவும் திரும்பக் கொடுக்கவும் ஆகும் நிமிடங்களைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று கேட்டார். ஸ்டோர்ஸ் பெரியவர் தம் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லா நேரமும் இப்படி நகர்த்த முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் சரக்கு வண்டியின் சக்கரம் ஒன்று தடம் இறங்கியது. கூட்டம் மாலை 5.45-க்குத்தான் கூட முடிந்தது. அதை யாரும் தவறாக நினைக்கவில்லை. உட்கார்ந்தவுடனேயே, "6.40 முதல் 7.10 வரை எல்லாருக்கும் இடைவேளை. சிக்னல் சம்பந்தமான முடிவுகளை அதற்குள் எடுத்துவிடுவோம்" என்று அறிவித்தேன். 6.40-க்கு 10 பேரும் எழுந்தோம். சிலர் கேன்டீனுக்குப் போனோம். சிலர் வீட்டுக்குப் போன் செய்தார்கள். நோன்பு இருந்தவர்கள் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்து தொழுதுவிட்டு வந்தார்கள். 7.10-க்கு மறுபடி உட்கார்ந்தபோது யாரும் எதையும் இழந்திருக்கவில்லை.

வெவ்வேறு ஊர்க்காரர்கள் திரையில் கூடிப் பேசும் கூட்டங்கள் இப்போது சகஜமாகிவிட்டன. பிள்ளைகள் வேலை செய்யும் கம்பெனிகளில் தினமும் நடக்கிறது. அவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இந்தியா முழுவதும் கடிகாரம் ஒன்றுதான், சூரியன் ஒன்றல்ல. தீர்க்கரேகை ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். கொல்கத்தாவுக்கும் மும்பைக்கும் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஆக, சூரியன் மறைவதில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பின் இருக்கும். மார்ச் தொடக்கத்தில் கொல்கத்தாவில் 5.40-க்கு நோன்பு திறப்பார்கள்; மும்பையில் 6.45 ஆகும். மும்பையில் இருப்பவர் '5.30-க்கு வைத்தால் எல்லாருக்கும் வசதி' என்று நினைத்தால், கொல்கத்தாக்காரர் பேச்சு ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் மாட்டிக்கொள்வார். கிழக்குக் கோடியில் இருப்பவரின் சூரியனைப் பார்த்துத்தான் நேரம் போட வேண்டும்.

போன வருடத்து அட்டவணையைத் தூசி தட்டி எடுப்பதும் உதவாது. இஸ்லாமிய ஆண்டு நம் ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் ரமலான் ஆண்டுதோறும் அத்தனை நாள் முன்னால் வரும். 2018-இல் மே நடுவில் தொடங்கியது, 2025-இல் மார்ச் 2-க்கு வந்துவிட்டது. 2030-இல் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு தடவையும் டிசம்பர் கடைசியில் இன்னொரு தடவையுமாக இரண்டு முறை தொடங்கும். டிசம்பர் கடைசியில் இந்த ஊரில் 5.40 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும் என்பதால், அப்போது நாலரை மணிக் கூட்டம்கூட இடிக்கும்.

இனி நம் சங்கத்துக்கு வருகிறேன். செயலாளரும் நானும் தொலைபேசியிலேயே மார்ச் மாத ஞாயிறுகளைப் பார்த்தோம். 9-ஆம் தேதி கிரிக்கெட் சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதிப் போட்டி. இந்தியா ஆடினாலும் ஆடும் என்று அந்த ஞாயிறை இருவரும் ஒரே குரலில் தள்ளினோம். அப்போது அவரிடம் கேட்டேன்: "கிரிக்கெட் பார்ப்பவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தோமா?" அவர் சிரித்துவிட்டார்.

16-ஆம் தேதி காலை 10.30 முதல் 12 வரை என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்பு போனது. காரணம் எதுவும் எழுதவில்லை. வழக்கமாகக் கூட்டத்தின் நடுவில் வரும் போண்டாவும் காப்பியும் அன்று கூட்டம் முடிந்த பிறகு பின்வரிசை மேஜையில் வைக்கப்பட்டன. பொட்டலமாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகவும் ஏற்பாடு இருந்தது. ராமநாதபுரத்து நண்பர் பேரக்குழந்தைகளுக்கென்று இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டார். அதற்கு முன்னால், விழா மேடைக்கு ஒலிபெருக்கி எடுக்கும் விஷயத்தில் செயலாளரோடு அரை மணி நேரம் வாதாடி, வாடகையில் கணிசமான தொகையைச் சங்கத்துக்கு மிச்சப்படுத்தியும் கொடுத்தார்.

கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம் இருக்கும் தாய்மார்கள் நம் மகளிர் அணியில் பலர் உண்டு. சபரிமலைக்கு மாலை போட்டு விடியற்காலையில் எழுபவர்களும் உண்டு. அந்த நாட்களுக்கும் இதே வெள்ளைத்தாள்தான், இதே 24 மணி நேரக் கோடுதான். செயலாளர் இப்போதெல்லாம் ஜனவரியிலேயே ஒரு நாள்காட்டியை எடுத்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார். யாரிடமும் எதுவும் கேட்காமலே ஆண்டு முழுவதுக்குமான கூட்ட நேரங்களை ஒரு மணி நேரத்தில் போட்டு முடித்துவிடுகிறோம்.